தலைப்பு நகர்ந்தால் கணக்கு நகரும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில், கணக்கு எழுதும் உறுப்பினர்களுக்கான அமர்வில் பேசியது)

தலைவி அக்கா எனக்கு இருபது நிமிஷம் கொடுத்திருக்காங்க, அதனால் நேரே விஷயத்துக்கு வந்துடறேன்.

மாசக் கடைசி வந்தால் நம்ம போனில் என்ன நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும். வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்து விழும். பெரிய அட்டவணை ஒன்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருப்பாங்க. கூடவே, "இதை எக்ஸெலில் போட்டு சாயங்காலத்துக்குள்ள அனுப்புங்க" என்று ஒரு வரி. எண்பது குழு, பன்னிரண்டு பத்தி, கிட்டத்தட்ட ஆயிரம் கட்டம். பத்தி என்றால் நம்ம நோட்டில் மேலிருந்து கீழே கோடு போட்டுப் பிரிப்போமே, அதுதான். அத்தனையையும் கையால் அடித்தால் ராத்திரி ஆகிடும். படத்திலிருந்து எண்களை எடுத்துக் கட்டத்தில் போடும் வசதி எக்ஸெலிலேயே இருக்கு. அதை நம்மில் பல பேர் பயன்படுத்தவும் ஆரம்பிச்சாச்சு. எண்கள் பெரும்பாலும் சரியாக வந்துடுது. கோளாறு தலைப்பில்தான் வருது. இன்னைக்கு நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

ஒரு கூட்டமைப்பில் நடந்ததைச் சொல்றேன், பேர் வேண்டாம். அவங்க பட்டியலில் ஒரு குழுவின் வங்கிக் கடன் மூன்று லட்சம், உள்கடன் என்ற தலைப்புக்குக் கீழே போய் நின்னுடுச்சு. கூட்டுத்தொகை எல்லாம் சரி, ஒரு ரூபாய் குறையலை. ஆனால் பட்டியலைப் பார்த்தவருக்கு எப்படித் தெரியும்? சேமிப்பே ஒரு லட்சத்தைத் தாண்டாத குழு மூன்று லட்சம் உள்கடன் எப்படிக் கொடுத்ததுன்னு கேள்வி வந்தது. அந்தக் குழுவின் அடுத்த வங்கிக் கடன் விண்ணப்பம் நின்னுபோச்சு. தீர்மானப் புத்தகம், பாஸ்புக் எல்லாம் தூக்கிக்கிட்டு ஊக்குநரும் பிரதிநிதியும் அலைஞ்சாங்க. குழுவில் யாரும் ஒரு தப்பும் பண்ணலை. தலைப்பு ஒரு கட்டம் தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

அது ஏன் தள்ளிப்போகுதுன்னு முதலில் புரிஞ்சுக்கணும். நம்ம அட்டவணையை மனசில் கொண்டு வாங்க. A வரிசை எண். B தெரு. C குழுவின் பெயர். அடுத்து "சேமிப்பு" என்று ஒரு பெரிய தலைப்பு, அதுக்குக் கீழே இரண்டு பத்தி, D இம்மாதம், E மொத்தம். பிறகு "உள்கடன்", அதுக்குக் கீழே மூன்று, F கொடுத்தது, G திரும்பியது, H நிலுவை. பிறகு "வங்கிக் கடன்", அதுக்கும் மூன்று, I கடன் தொகை, J கட்டிய அசல், K நிலுவை. கடைசியில் L குறிப்பு. வருகிற படத்தில் தலைப்புகள் பெரும்பாலும் இங்கிலீஷில்தான் இருக்கும், உங்களுக்காகத் தமிழில் சொல்றேன்.

"வங்கிக் கடன்" என்ற சொல் I, J, K மூன்றுக்கும் பொது. அதனால் மூன்று கட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்து நடுவில் எழுதியிருப்பாங்க. நம்ம கண்ணுக்கு அது மூன்றுக்கும் தலைப்புன்னு தெரியுது, ஏன்னா கோடு தெரியுது. படத்தைப் படிக்கிற கருவி என்ன பண்ணுதுன்னா, அந்தச் சொல் எந்தப் பத்திக்கு நேர் மேலே நிக்குதோ அந்த ஒரு கட்டத்தில் போட்டுடும். நடுவில் நின்றால் J. மற்ற இரண்டும் காலி. இணைந்த கட்டம் என்ற விவரம் படத்தோடயே போச்சு, எக்ஸெலுக்கு வந்து சேராது.

இப்போ அந்தக் காலிக் கட்டங்களை நிரப்பணும். வழக்கமா என்ன செய்வோம்? இடது பக்கம் இருக்கிற தலைப்பையே வலது பக்கக் காலிக்கு இழுத்து விடுவோம். இழுத்தால், I கட்டத்துக்கு இடது பக்கம் இருப்பது உள்கடன். ஆக, வங்கியின் கடன் தொகை "உள்கடன் - கடன் தொகை" ஆகிடும். அந்த மூன்று லட்சம் இப்படித்தான் இடம் மாறியது. கடைசியில் L இருக்கு பாருங்க, குறிப்பு. அது மேல்வரிசை கீழ்வரிசை இரண்டையும் சேர்த்து எழுதின தலைப்பு. கருவி அதைக் கீழ்வரிசையில் போட்டுவிட்டால், மேலே காலி. இழுத்தால் "வங்கிக் கடன் - குறிப்பு" என்று ஆகும். இதைப் பார்த்தால் சிரிப்பு வரும், அதனால் கண்டுபிடிச்சுடுவோம். முந்தினது சிரிக்க வைக்காது. பார்க்க ஒழுங்காகவே இருக்கும். அதுதான் ஆபத்து.

சரி, செய்யும் முறைக்கு வருவோம். படத்தை எடுக்கும் முன் ஒரு விஷயம். அனுப்பியவரிடம் எக்ஸெல் ஃபைலே இருக்கான்னு கேளுங்க. ஸ்கிரீன்ஷாட் எடுத்தவர் எதிரில் பாதி நேரம் அந்த ஃபைல் திறந்துதான் இருக்கும். கேட்க நமக்குக் கூச்சம், அனுப்ப அவங்களுக்கு நினைப்பு வரலை. ஃபைல் இல்லை, படம்தான் என்றால், படத்தை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்க. சாதாரணப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிடும், 3க்கும் 8க்கும் வித்தியாசம் தெரியாது. கம்ப்யூட்டர் திரையைப் போனில் போட்டோ எடுத்து அனுப்புறாங்களே, அது வேண்டவே வேண்டாம். கோடெல்லாம் வளைஞ்சு வரும்.

கம்ப்யூட்டரில் மைக்ரோசாப்ட் 365 எக்ஸெல் இருந்தால் மேலே Data என்பதை அழுத்தி, அதில் From Picture, அதில் Picture From File. போனில் எக்ஸெல் ஆப் வைத்திருக்கிறவங்களுக்கு இதே வசதி Data from Picture என்ற பேரில் இருக்கு. படத்தில் அட்டவணை மட்டும் இருக்கும்படி முன்னாடியே வெட்டிக்கோங்க. மேலே பேட்டரி, மணி, கீழே அனுப்பியவர் எழுதின வரி எல்லாம் இருந்தால் அதையும் ஒரு வரிசைன்னு நினைச்சுக்கும். படித்து முடிச்சதும், தனக்குச் சந்தேகமான கட்டங்களை நிறம் போட்டுக் காட்டும். அதை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தின பிறகே Insert Data அழுத்தணும்.

தமிழ் எழுத்தை இந்த வசதி படிக்காது. பேரும் தலைப்பும் தமிழில் இருந்தால், எண்கள் இருக்கிற பகுதியை மட்டும் வெட்டி எடுத்துப் படிக்க வையுங்க. குழுப் பெயர்கள் ஏற்கெனவே நம்ம பழைய பட்டியலில் இருக்குமே, அதே வரிசையில் இருக்கான்னு பார்த்து அங்கிருந்து எடுத்து ஒட்டிக்கலாம். தலைப்பு பன்னிரண்டையும் கையால் எழுதினால் ஐந்து நிமிஷம்தான் ஆகும். என்னைக் கேட்டால், இங்கிலீஷ் படத்துக்கும்கூட இதுவே நல்ல வழி. கையால் எழுதின நோட்டுப் பக்கத்தை மட்டும் இதில் போட்டுப் பார்க்காதீங்க. திருத்துகிற நேரத்தில் அடிச்சே முடிச்சிடலாம்.

தலைப்போடு சேர்த்தே எடுத்துட்டோம்னு வைங்க. கையைக் கீபோர்டில் வைக்கும் முன் ஒரு துண்டுக் காகிதம் எடுங்க. படத்தில் இருக்கிற செங்குத்துக் கோட்டைப் பார்த்து, எந்தப் பெரிய தலைப்பு எந்த எழுத்திலிருந்து எந்த எழுத்து வரைன்னு எழுதுங்க. சேமிப்பு D முதல் E. உள்கடன் F முதல் H. வங்கிக் கடன் I முதல் K. இதைத் திரையில் வந்து விழுந்ததைப் பார்த்து எழுதக் கூடாது, படத்தைப் பார்த்துத்தான் எழுதணும். படம் மட்டும்தான் நமக்கு மூலச் சான்று.

அடுத்து, ஒவ்வொரு பெரிய தலைப்பையும் அதன் முதல் பத்திக்கு மேலே கொண்டு வந்து நிறுத்துங்க. J1ல் விழுந்த வங்கிக் கடனைக் கட் பண்ணி I1ல் ஒட்டணும். G1ல் விழுந்த உள்கடன் F1க்கு. சேமிப்பு D1க்கு. வரிசை எண், தெரு, குழுவின் பெயர், குறிப்பு இந்த நாலுக்கும் கீழே உட்பிரிவு கிடையாது, அதனால் அவற்றை மேல்வரிசையில், A1, B1, C1, L1ல் வைத்து, அவற்றின் கீழ்க்கட்டத்தைக் காலியாக விடுங்க. இப்போ முதல் வரிசையில் காலியாக இருப்பது E, G, H, J, K ஐந்துதான். ஐந்துக்கும் அதன் இடது பக்கத் தலைப்புத்தான் சரியான தலைப்பு.

A1 முதல் L1 வரை தேர்வு செய்து, கண்ட்ரோலோடு G அழுத்துங்க. வரும் பெட்டியில் Special, அதில் Blanks, பிறகு OK. காலிக் கட்டங்கள் மட்டும் தேர்வாகும். கர்சர் E1ல் நிக்கும். எதையும் கிளிக் பண்ணாமல் அப்படியே இதை அடித்து, கண்ட்ரோலை அழுத்திக்கிட்டே என்டர் தட்டுங்க.

```
=D1
```

ஐந்து கட்டமும் ஒரே தட்டில் நிரம்பிடும். வெறும் என்டர் தட்டினால் ஒன்றுதான் நிரம்பும், கண்ட்ரோல் முக்கியம். போனில் இந்த Blanks வசதி கிடைக்காது, அங்கே ஒவ்வொன்றாகக் காப்பி பண்ணி ஒட்டிக்கோங்க, ஐந்துதானே.

இப்போ இரண்டு வரிசைத் தலைப்பை ஒரே வரிசை ஆக்கணும். இது ஏன்னு சிலர் கேட்பீங்க, இரண்டு வரிசையாக இருந்தால் அழகாத்தானே இருக்குன்னு. எக்ஸெலுக்கு ஒரு பத்திக்கு ஒரு பேர்தான் வேணும். H-லும் நிலுவை, K-லும் நிலுவைன்னு இருந்தால், பிரித்துப் பார்க்கும்போது எந்த நிலுவைன்னு தெரியாது. அதனால் மூன்றாவதாக ஒரு புது வரிசை நுழைத்து, A3ல் இதை அடித்து L3 வரை இழுங்க.

```
=IF(A2="",A1,A1&" - "&A2)
```

கீழே உட்பிரிவு இல்லாவிட்டால் மேல் தலைப்பை மட்டும் எழுது, இருந்தால் இரண்டையும் நடுவில் ஒரு கோடு போட்டுச் சேர்த்து எழுது என்பதுதான் இதன் அர்த்தம். C3ல் "குழுவின் பெயர்" என்று வரும். H3ல் "உள்கடன் - நிலுவை", K3ல் "வங்கிக் கடன் - நிலுவை". அந்த வரிசையைக் காப்பி பண்ணி, அதே இடத்தில் Paste Special, Values கொடுத்து ஒட்டிய பிறகுதான் மேலே உள்ள இரண்டு வரிசையை அழிக்கணும். முதலில் அழிச்சிட்டால் பன்னிரண்டு தலைப்பும் `#REF!` ஆகிடும்.

தெருவுக்கும் இதே கதைதான், திசை மட்டும் வேறு. மேலத்தெருவில் இரண்டு குழு இருந்தால் தெருப்பெயரை இரண்டு வரிசைக்கும் சேர்த்து ஒரு தடவைதான் எழுதியிருப்பாங்க. அதை அந்தத் தெருவின் முதல் குழுவுக்கு நேரே கொண்டு வந்துட்டு, B பத்தியில் காலிக் கட்டங்களைத் தேர்வு செய்து, மேல்கட்டத்தைக் காட்டிக் கண்ட்ரோலோடு என்டர் தட்டுங்க. முதல் காலி B3 என்றால் `=B2` என்று அடிக்கணும். இதையும் Values ஆக ஒட்டிடுங்க. ஒட்டாமல் வரிசை மாற்றினால், முல்லைக் குழு புதுசா யார் மேலே வந்து நிக்குறாங்களோ அவங்க தெருவுக்குக் குடிபோயிடும். தெருவாரியாக நடுவில் வரும் மொத்தம், கடைசி மொத்தம், இந்த வரிசைகளைக் காகிதத்தில் குறிச்சு வைத்துட்டுப் பட்டியலிலிருந்து எடுத்துடுங்க. இல்லாவிட்டால் கூட்டும்போது இரட்டிப்பாகும்.

இனி சரிபார்ப்பு. இதில் கொஞ்சம் நிதானமா இருங்க. பல பேர் கடைசி மொத்தத்தோடு ஒத்துப்போச்சுன்னா வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிறாங்க. கூட்டுத்தொகை எண்ணைத்தான் சரிபார்க்கும், தலைப்பைச் சரிபார்க்காது. தலைப்பைச் சரிபார்க்க வரிசையோடு போகணும். கொடுத்ததில் திரும்பியதைக் கழித்தால் நிலுவை வரணும். கடன் தொகையில் கட்டிய அசலைக் கழித்தால் வங்கி நிலுவை வரணும். மூன்று குழுவை எடுத்துக்காட்டா வைத்துக்குவோம். மல்லிகைக்கு உள்கடன் கொடுத்தது 40,000, திரும்பியது 28,000, நிலுவை 12,000. முல்லைக்கு 60,000, 35,000, 25,000. தாமரைக்கு 30,000, 18,000, 12,000. வங்கிக் கடன் மல்லிகைக்கு 3,00,000, கட்டியது 1,25,000, நிலுவை 1,75,000. M, N என்று பக்கத்தில் இரண்டு புதுப் பத்தி போட்டு, M2ல் முதல் வரியையும் N2ல் இரண்டாவது வரியையும் அடித்துக் கீழே வரை இழுங்க.

```
=F2-G2-H2
=I2-J2-K2
```

எல்லா வரிசையிலும் இரண்டும் பூஜ்யம் வரணும். இந்த மூன்று பத்தியும் ஒரே குடும்பம்னு இது நிரூபிக்குது. பிறகு அந்த மூன்றின் தலைப்பையும் படியுங்க. மூன்றுக்கும் முன்பாதி ஒரே சொல்லாக இருக்கணும். F, G, H மூன்றும் "உள்கடன்" என்று தொடங்கணும், I, J, K மூன்றும் "வங்கிக் கடன்" என்று தொடங்கணும். அந்த மூன்று லட்சத்துப் பட்டியலில் கணக்குப் பூஜ்யம் வந்திருக்கும், ஆனால் I மட்டும் "உள்கடன்" என்று தொடங்கியிருக்கும். இதைப் பார்க்க அரை நிமிஷம் ஆகுமா?

ஒரு எண்ணைக் கருவி தப்பாகப் படித்தாலும் இதே சோதனை காட்டிக்கொடுக்கும். தாமரையின் 30,000 ஐ 80,000 என்று படிச்சுட்டதுன்னு வைங்க. F பத்தியின் கூட்டுத்தொகை 1,30,000 வர வேண்டிய இடத்தில் 1,80,000 வரும், வித்தியாசம் 50,000. தாமரை வரிசையில் M கட்டத்திலும் அதே 50,000 நிக்கும். பத்தியும் வரிசையும் ஒரே தொகையைக் காட்டினால், இரண்டும் சந்திக்கிற கட்டம்தான் குற்றவாளி. வித்தியாசம் 5, 50, 500, 50,000 இப்படி வந்தால் முதலில் 3, 8 இரண்டையும் சந்தேகப்படுங்க. 6, 60, 600 என்று வந்தால் 1, 7.

சில நேரம் கூட்டுத்தொகை குறைவாக வரும், ஆனால் ஒவ்வொரு எண்ணும் கண்ணுக்குச் சரியாகவே இருக்கும். அப்போ ஏதோ ஒரு எண் எழுத்தாக உட்கார்ந்திருக்கு. 1,25,000 இல் இருக்கிற காற்புள்ளியைப் புள்ளியாகப் படித்தால் 1.25.000 ஆகும், அதை எக்ஸெல் எண்ணாக ஏற்காது, SUM அதைத் தாண்டிப் போயிடும். எண் கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டி நிக்கும், எழுத்து இடது ஓரத்தில். பத்தியை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தால், இடது பக்கம் ஒதுங்கினது தெரிஞ்சுடும். வங்கிக் கணக்கு எண் இருக்கிற பட்டியலில் மட்டும் இது தலைகீழ். அந்தப் பத்தியை எழுத்தாகவே, Text என்று, முன்னாடியே மாற்றி வைக்கணும். எக்ஸெல் ஒரு எண்ணில் 15 இலக்கம்தான் வைத்துக்கும். பதினாறாவது இலக்கத்தைப் பூஜ்யமாக்கிடும், முன்னாடி இருக்கிற பூஜ்யங்களையும் விழுங்கிடும். நம்ம குழுப் பணம் போய்ச் சேருகிற எண் அது.

கணக்கு எண்ணைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்று. படத்தைப் போட்டால் எக்ஸெல் ஆக்கித் தருகிறோம்னு இண்டர்நெட்டில் எத்தனையோ தளம் இருக்கு. உறுப்பினர் பேர், ஆதார் எண், கணக்கு எண் இருக்கிற படத்தை அங்கே ஏற்றாதீங்க. அது யார் கையில் நிக்கும்னு நமக்குத் தெரியாது. அந்தப் பத்தியை வெட்டி எடுத்துட்டு மற்றதைப் படிக்க வையுங்க, அந்த எண்களைப் பாஸ்புக் பார்த்துக் கையால் அடிங்க.

நேற்று ஒரு தங்கச்சி கேட்டாங்க: "அக்கா, நான் ஒரே வரிசைத் தலைப்பா அனுப்பினா, பழைய மாதிரி நடுவில பெரிசா தலைப்பு வேணும்னு திருப்பி அனுப்புறாங்களே." நியாயமான கேள்வி. அதுக்கு இரண்டு ஷீட் வைத்துக்கோங்க. ஒன்று நம்ம கணக்குக்கு, இணைப்பு எதுவும் இல்லாமல். இன்னொன்று பிரிண்ட் எடுக்க, இரண்டு வரிசைத் தலைப்போடு. அந்தப் பிரிண்ட் ஷீட்டிலும் கட்டங்களை Merge பண்ண வேண்டாம். வங்கிக் கடன் என்பதை I1ல் மட்டும் எழுதி, J1, K1 காலியாக விட்டு, மூன்றையும் தேர்வு செய்து Format Cells, Alignment, Horizontal என்ற இடத்தில் Center Across Selection கொடுங்க. பார்க்க அச்சா இணைத்த மாதிரியே நடுவில் நிக்கும், ஆனால் கட்டம் தனித்தனியாகவே இருக்கும். நிஜமா இணைச்சிட்டால், பிறகு வரிசைப்படுத்தப் போகும்போது "To do this, all the merged cells need to be the same size." என்று ஒரு பெட்டி வந்து வழி மறிக்கும். அதைப் பார்த்து எத்தனை பேர் ஃபைலே கெட்டுப்போச்சுன்னு பயந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். ஃபைல் கெடலை, எங்கேயோ ஒரு இணைந்த கட்டம் ஒளிஞ்சிருக்கு, அவ்வளவுதான். எல்லாவற்றையும் தேர்வு செய்து Unmerge Cells கொடுத்துட்டு, காலியானதை இப்போ சொன்ன மாதிரி நிரப்பிக்கோங்க.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு லேப்டாப் அந்த ஓரத்து மேசையில் இருக்கும். போன மாசப் படம் யார் போனில் இருந்தாலும் கொண்டு வாங்க, ஒரு துண்டுக் காகிதமும் பேனாவும் எடுத்துக்கிட்டு வாங்க, சேர்ந்து போட்டுப் பார்க்கலாம்.